கோழிக்கூண்டு ஆட்டோ கதவு வாங்கப் போகிறீர்களா? லிமிட் சுவிட்சுக்கு ஒயர் போகிறதா என்று பாருங்கள்

விடிந்ததும் தானாகத் திறந்து, பொழுது சாய்ந்ததும் தானாக மூடிக்கொள்ளும் கூண்டுக் கதவு என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதில் ஒன்றை 4,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். லைட் சென்சார், கதவு கடைசிவரை போய்த் தட்டியதும் மோட்டாரை நிறுத்த மேலே ஒன்று கீழே ஒன்று லிமிட் சுவிட்ச், 12 வோல்ட் கியர் மோட்டார் என்று விளம்பரத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கதவு தரையில் படாமல் நாலு விரல் உயரத்தில் நிற்கிறது, உள்ளே இரண்டு பெட்டைக்கோழிகள் கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடக்கின்றன. கீரி வேலை.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். லிமிட் சுவிட்ச் இரண்டும் சட்டத்தில் திருகி மாட்டித்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கும் ஒயர் இல்லை! சும்மா காட்சிக்கு. கன்ட்ரோல் பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர் மட்டும்தான். அதாவது கதவு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது, இத்தனை நொடி மோட்டாரைச் சுற்று, நிறுத்து, அவ்வளவுதான். மேகமூட்டத்தில் பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், கதவு பாதியில் நின்றுவிடும். சரி, பேட்டரி முழுசாக இருந்தால் நல்லதுதானே என்றால் அதுவும் இல்லை. கதவு தரையைத் தொட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், கயிறு மொத்தமும் அவிழ்ந்து, உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்து, மூடிய கதவை மறுபடி தூக்கிவிடும். எங்கள் கூண்டில் நடந்தது இதுதான், பேட்டரியை முழுசாகச் சார்ஜ் செய்து ஓடவிட்டபோது கண்ணெதிரே மூடி, மறுபடி நாலு விரல் ஏறியது.

விற்றவருக்கு வீடியோ அனுப்பினேன். "கயிற்றைக் கொஞ்சம் நீளமா விடுங்க சார்" என்றார். நீளமாக விட்டால் பேட்டரி இறங்கிய நாளில் கதவு ஒழுங்காகத் திறக்காது, அதைச் சொன்னதும் பதிலே இல்லை. பணமும் வரவில்லை.

வாங்கினால் மாட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போதே கீழ் லிமிட் சுவிட்சின் நாக்கை விரலால் அழுத்துங்கள், மோட்டார் அந்த நொடியே நிற்க வேண்டும். மேலே ஏறும்போது மேல் சுவிட்சுக்கும் அப்படியே. நிற்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

லைட் சென்சாரையும் பாருங்கள். கையால் மறைத்ததும் உடனே கதவு இறங்கினால் அது உதவாது, சாயங்காலம் நாலு மணிக்கு மழை மேகம் கட்டினாலே மூடிவிடும், மேயப்போன கோழிகள் வெளியே மாட்டிக்கொள்ளும். ராத்திரி பைக் வெளிச்சம் பட்டால் திறந்தும் விடும். இருட்டோ வெளிச்சமோ, பத்து நிமிடமாவது விடாமல் இருந்தால்தான் மோட்டார் கிளம்ப வேண்டும். என்னிடம் விற்றதில் அதுவும் கிடையாது.