சீலிங் ஃபேன்: 1,800 ரூபாயா, 3,000 ரூபாயா, 5,000 ரூபாயா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் ஐந்தாறு வருஷமாக மூன்று விலையிலும் ஃபேன் ஓடுகிறது. பின்கட்டில் பழைய சாதா ஃபேன், கூடத்திலும் படுக்கையறையிலும் மூவாயிரத்தை ஒட்டிய, கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன், மாடியில் மச்சான் வாங்கிப் போட்ட ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் பிஎல்டிசி ஃபேன். சித்திரை வெயில், குறுவை நேரத்து லோ வோல்டேஜ், ஐப்பசி மழைக் கரண்ட் கட் எல்லாவற்றிலும் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. புதுசு வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதல் தாவல், அதாவது சாதாவிலிருந்து பிஎல்டிசி, நிஜமாகவே பெரிய தாவல். பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஏறக்குறைய 30 வாட். எங்கள் கூடத்து ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், 45 வாட் மிச்சம் என்றால் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாத பில்லில் 40 யூனிட். யூனிட் ஏறக்குறைய 5 ரூபாய் என்று போட்டாலும் ஒரு பில்லுக்கு 200 ரூபாய். சாதா ஃபேனுக்கும் இதற்கும் விலை வித்தியாசம் ஆயிரத்து இருநூறு இருக்கும், அது ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுகிறது. 500 யூனிட் எல்லையில் நிற்கிற வீடு என்றால் இன்னும் லாபம், ஏனென்றால் அந்த எல்லையைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கே ரேட் ஏறுகிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதனால் இன்று கடையில் கிடைக்கிற ஒரு நட்சத்திர சாதா ஃபேனே 50 வாட் அளவில்தான் இழுக்கிறது. புது ஃபேனோடு புது ஃபேனை ஒப்பிட்டால் மிச்சம் பாதிதான், போட்ட காசு வர இரண்டு வருஷம் ஆகும். அப்படியும் வாங்கலாம், ஆனால் '75 வாட்டிலிருந்து 30 வாட்' என்ற கணக்கு பழசைக் கழற்றுகிறவர்களுக்கு மட்டும்தான். விருந்தாளி அறையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு முப்பது ரூபாய்கூட மிஞ்சாது. எங்கள் பின்கட்டு ஃபேன் இன்னும் அங்கேயே தொங்குவது அதனால்தான்.

பில்லை விட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு இரண்டு. குறுவை நடவு நேரத்தில் ஊரெல்லாம் போர் மோட்டார் ஓடும், சாயங்காலம் வோல்டேஜ் 170, 180 என்று இறங்கிவிடும், சாதா ஃபேன் காற்றே வராமல் சும்மா சுற்றும். அதே நேரத்தில் பிஎல்டிசி வேகம் குறையாமல் ஓடுகிறது, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் கார்டு வோல்டேஜைச் சரிக்கட்டிக் கொள்கிறது. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கிற வீட்டில் இது ஒன்றுக்கே அந்த ஆயிரத்து இருநூறைக் கொடுக்கலாம்.

இன்னொன்று இன்வெர்ட்டர். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட் ஹவர் இருக்கும், பேட்டரியை முழுசாக வடிய விடக் கூடாது, இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், கைக்கு வருவது 1,200 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஃபேன் நாலு போட்டால் 300 வாட், நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். பிஎல்டிசி நாலு என்றால் 120 வாட், ராத்திரி முழுக்க வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு, வாடகை ஜெனரேட்டரை வைத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியவர்களுக்கு நாலு மணி நேரத்துக்கும் பத்து மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

சரி, மூவாயிரத்துக்கு மேலே என்ன? மச்சான் ஃபேன் 28 வாட், எங்களுடையது 32 வாட். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்த வித்தியாசம் இந்த நாலு வாட்தான். அதே 15 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மாதத்தில் மூன்றரை யூனிட், 18 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த இரண்டாயிரத்தை இந்தப் பதினெட்டு பதினெட்டாகத் திரும்ப எடுக்கப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஃபேனே மாறியிருக்கும். அதுவும் முழு வேகத்தில் ஓடினால்தான். ராத்திரி எல்லாரும் மூன்றில் வைத்துத்தான் தூங்குகிறோம், அந்த வேகத்தில் இரண்டுமே பத்துப் பன்னிரண்டு வாட்தான் எடுக்கும்.

காற்றிலும் அப்படித்தான். ஒன்று நிமிஷத்துக்கு 220 கன மீட்டர், மற்றது 230. இரண்டுக்கும் கீழே மாறி மாறிப் படுத்துப் பார்த்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை. முழு வேகத்தில் வருகிற சத்தம் காற்றின் சத்தம், விலை ஏறினாலும் அது குறையாது. செல்போன் ஆப்பை மச்சான் முதல் மாதம் பயன்படுத்தினார், அப்புறம் ரிமோட்டுக்கே வந்துவிட்டார். தூசி ஒட்டாத பூச்சு என்கிறார்கள், அறுவடை நேரத்தில் பக்கத்து வயலில் மெஷின் இறங்கினால் எல்லா இறக்கையிலும் தூசி ஏறுகிறது, துணி எடுத்துத் துடைக்கத்தான் வேண்டும். அழகுக்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அந்த இரண்டாயிரத்தில் பத்தில் ஒரு பங்கை ராடுக்குக் கொடுங்கள் என்பேன். எங்கள் பழைய ஓட்டு வீட்டில் விட்டம் நல்ல உயரம், பெட்டியோடு வருகிற குட்டை ராடில் மாட்டினால் காற்று மேலேயே சுற்றும். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஃபேன்ல ஒண்ணும் இல்ல, ராடு நீளமா போட்டா போதும்" என்றார். இறக்கை தரையிலிருந்து எட்டடி உயரத்துக்கு வந்ததும் கூடத்தில் பாயில் படுத்தவர்களுக்கே காற்று வந்தது. இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தும் வராத வித்தியாசம் இது. தளம் போட்ட வீடு என்றால் மிச்சத்தை மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் செலவழிக்கலாம், சூடான தளத்துக்குக் கீழே எந்த ஃபேனும் சூட்டுக் காற்றைத்தான் தள்ளும்.

பிஎல்டிசியின் பலவீனம் அந்தக் கார்டுதான். சாதா ஃபேன் மெதுவானால் கண்டென்சர் மாற்றினால் போதும், நூறு ரூபாய்க்குள் முடியும், வைண்டிங் கடை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் படுக்கையறை ஃபேன் ஒரு கோடை மழையில் இடி இடித்த மறுநாள் ரிமோட்டுக்கு அசையவில்லை, மூடியைத் திறந்தால் கார்டில் ஒரு மூலை கருகியிருந்தது. கம்பெனி ஆள் வர நாட்கள் ஆனது, உத்தரவாதத்தில் இருந்ததால் காசு போகவில்லை, இல்லாவிட்டால் ஃபேன் விலையில் கணிசமான பகுதியை அந்தக் கார்டே தின்றிருக்கும். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேராக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், அதன் வழியாக ஓட்டினால் கார்டு சீக்கிரம் போகும்.

ஆகவே மூவாயிரத்துக்கு மேல் நான் கொடுக்கத் தயாராக இருக்கிற ஒரே கூடுதல் முந்நூறு நானூறு, அதுவும் இரண்டு வருஷ உத்தரவாதத்துக்குப் பதில் ஐந்து வருஷம் கிடைத்தால். வாங்கும்போது அந்த ஐந்து வருஷம் மோட்டாருக்கு மட்டுமா, கார்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.