389 வெள்ளி போச்சு: ஜப்பான் ஹேர் டிரையர் வாங்கறவங்க ஸ்டிக்கரை நம்பாதீங்க

நேத்து ராத்திரி நாலே நொடியில 389 வெள்ளி புகையாப் போச்சு. ஜப்பான், கொரியப் பொருள்களை இறக்கி ஆன்லைனில் விற்கிற ஒரு கடை. பேர் வேண்டாம். வாங்கினது 1200 வாட் ஜப்பான் ஹேர் டிரையர், கூடவே இலவசமா ஒரு கொரிய சீரம்.

காசு கட்டுறதுக்கு முன்னாடியே சாட்டில் கேட்டாச்சு: "பினாங்கில் 230 வோல்ட். இது ஓடுமா?" கைப்பிடி லேபிளைப் படம் பிடிச்சு அனுப்பினாங்க. அதுல "50-60" மேல சிவப்பு வட்டம். "பாருங்க சிஸ், ரேஞ்ச் இருக்கு, எங்கேயும் ஓடும். அடாப்டரும் ஃப்ரீ." அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நம்பினது. படத்தோட இடது பக்கம் வெட்டியிருந்தது. முழுப் படம் கேட்காதது என் தப்பு.

அந்த 50-60 வோல்ட் இல்லை, ஹெர்ட்ஸ். ஜப்பானுக்குள்ளேயே தோக்கியோ பக்கம் 50, ஒசாக்கா பக்கம் 60. அதனால அந்த ஊர்லயே விற்கிற சாமானில் 50-60 என்றுதான் போடுவாங்க. வெளிநாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்க வேண்டியது வோல்ட் எண். வெட்டின இடது பக்கத்தில் இருந்தது வெறும் 100. எங்கேயும் ஓடற சாமான்னா 100-240 என்று வோல்ட்டுக்கே கோடு போட்டு எழுதியிருக்கும். உங்க லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க, அதுல இருக்கும். சில டிரையரில் வோல்ட் மாத்துற சுவிட்ச் இருக்கும். இதுல இல்லை.

பெட்டியில் மலாய் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருந்தது. வாட் இருந்தது, ஹெர்ட்ஸ் இருந்தது, வோல்ட் மட்டும் இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்தா, அடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு வரி. போன் கேமராவில் மொழிபெயர்த்தா, "ஜப்பான் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும், வெளிநாட்டில் பயன்படுத்த முடியாது." சரியா அந்த வரி மேலதான் ஸ்டிக்கர். தற்செயலாம்!

அவங்க கொடுத்த அடாப்டர் பின்னோட வடிவத்தைத்தான் மாத்தும். தட்டைப் பின் ரெண்டையும் நம்ம மூணு பின் சாக்கெட்டில் சொருக விடும், வோல்ட் குறையாது. 100 வோல்ட் கம்பிச்சுருளில் 230 பாய்ஞ்சா கரண்ட் 2.3 மடங்கு. சூடு அதுக்கும் 2.3 மடங்கு, அதாவது மொத்தம் அஞ்சு மடங்குக்கு மேல. 1200 வாட் கிட்டத்தட்ட 6,300 வாட் ஆகிடும். குளியலறை ஹீட்டர் 3,600 வாட்தான். சுவிட்ச் போட்டதும் மோட்டார் விசில் மாதிரி கத்துச்சு, உள்ளே சுருள் மஞ்சளா எரிஞ்சுது, பிளாஸ்டிக் நாத்தம், அப்புறம் சத்தமே இல்லை. உள்ளே இருக்கிற தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும், அது ஒருமுறைதான் வேலை செய்யும். அந்த அடாப்டரில் ஃபியூஸே கிடையாது, அதுதான் இன்னும் பயம்.

கடைக்கு எழுதினா முதல்ல, "உங்க வீட்டுக் கரண்ட் அதிகம் சிஸ்." வீட்டுக்கு வீடு வேற கரண்டா? அப்புறம், "கீழே போட்டிருப்பீங்க." அப்புறம், "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் இல்லை." கடைசியா, "டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கோங்க." 1200 வாட் சாமானுக்கு 1500 வாட்டாவது தாங்கற ஸ்டெப்-டவுன் வேணும், செங்கல் கட்டு மாதிரி கனக்கும். 389 வெள்ளி கொடுத்தவங்க அதையும் தூக்கிக்கிட்டுத்தான் தலை காய வைக்கணுமா?

கோபத்தில் சீரம் பெட்டி ஸ்டிக்கரையும் உரிச்சேன். ஸ்டிக்கரில் "தயாரிப்பு" என்று மூணு மாசத்துக்கு முந்தைய தேதி. அடியில் அதே தேதி, பின்னாடி கொரிய எழுத்தில் "க்காஜி". அப்படின்னா "வரை", அந்தத் தேதி வரைக்கும்தான் பயன்படுத்தலாம். தயாரிச்ச தேதின்னா "ஜேஜோ" என்று இருக்கணும். மூணு மாசத்துக்கு முன்னாடியே காலாவதியானதைப் புதுசுன்னு கொடுத்திருக்காங்க. திறந்த டப்பா படத்துக்குள் 12M என்று இருந்தா, அது திறந்த பிறகு 12 மாசம். பெட்டித் தேதி தாண்டினதுக்கு அது உயிர் கொடுக்காது.

அவசரமா சொல்றேன். லேபிள் முழுப்படம் கேளுங்க, வெட்டின படம் வேண்டாம். தைவான் சாமானும் கவனம், அங்கே 110 வோல்ட். மெயின்லேண்ட் சீனச் சாமான் 220, வோல்ட் பிரச்சனை இல்லை, ஆனா சிரிம் ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. பார்சல் பிரிக்கிறப்பவே வீடியோ எடுங்க, ஸ்டிக்கரை உரிக்கிறதும் அதே வீடியோவில் வரட்டும். சாட்டை அவங்க அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட 5 வெள்ளிதான். அந்தச் சிவப்பு வட்டம் போட்ட படத்தோட நாளைக்குக் காலையில போறேன்.