மரவள்ளி: வேகவைப்பதா, துருவிப் புளிக்கவைப்பதா?

மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னலாமா? கூடாது. இனிப்பு ரகமானாலும் கூடாது. கடித்துப் பார்த்துக் கசக்கவில்லை என்றால் நஞ்சில்லை என்ற கணக்கும் எப்போதும் சரிவராது. கிழங்கின் செல்லுக்குள் லினமரின் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதி வேறிடத்தில் இருக்கிறது. மென்றாலோ துருவினாலோ இரண்டும் சேர்ந்து சயனைடு வெளியாகும். ஆனால் நஞ்சை வெளியேற்றுவதற்கும் இதே சந்திப்புதான் வழி. எந்த முறை நல்லது என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

நம் வீடுகளில் வேகவைக்கிறோம். மேலே உள்ள பழுப்புத் தோலை மட்டும் சுரண்டினால் போதாது. அதன் அடியில் தடிப்பான வெள்ளைத் தோல் ஒன்று உண்டு. கத்தியால் நீளவாக்கில் கீறி நெம்பினால் சுருளாகக் கழன்று வரும். சதையைவிட அதில்தான் நஞ்சு மிகுதி. வேகவைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொதிநீரில் நொதி சீக்கிரமே செத்துவிடும், லினமரினோ சூட்டுக்கு அசையாது. அது தண்ணீரில் கரைந்து வெளியேறினால்தான் உண்டு. அதனால் துண்டின் அளவே முக்கியம். 50 கிராம் துண்டாகப் போட்டால் கால் பங்குதான் போகும். 2 கிராம் துண்டாக நறுக்கினால் முக்கால் பங்கு போகும்.

கிலோவுக்கு 40 மில்லிகிராம் சயனைடு உள்ள இனிப்பு ரகம் சிறு துண்டுகளாக வெந்தால் 10-க்கு வந்துவிடும், கவலையில்லை. 400 உள்ள கசப்பு ரகம் அதே மாதிரி வெந்தாலும் 100-இல் நிற்கும். வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். ஆவியில் அவிப்பதும் சுடுவதும் இன்னும் மோசம், கரைந்து போக அங்கே தண்ணீரே இல்லை.

கசப்பு ரகத்துக்கு நைஜீரியாவின் காரி முறைதான் என் தேர்வு. தோலுரித்துத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பாரம் ஏற்றி 2 முதல் 4 நாள் வைக்கிறார்கள். துருவும்போதே நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது. சாறு வடிந்து போகிறது. அப்புறம் சலித்து அகன்ற சட்டியில் வறுக்கும்போது மிச்சச் சயனைடும் ஆவியாகிறது. அது 26 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது முழுக்கிழங்கை வெயிலில் காயவைத்து மாவாக்கும் முறை. ஈரம் சீக்கிரம் போனதும் நொதி பாதி வேலையில் நின்றுவிடும். 1981-இல் பஞ்ச காலத்தில் மொசாம்பிக்கின் நம்புலாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால் முடங்கிப்போன கோன்சோ நோய்க்குப் பின்னால், சரியாகப் பக்குவப்படாத கசப்பு மரவள்ளி இருந்தது. அப்படிப்பட்ட மாவையும் மீட்கலாம். தண்ணீர் விட்டுப் பிசறி, விரல் தடிப்பில் பரப்பி நிழலில் 5 மணி நேரம் வைத்தால் நொதி மறுபடி விழித்துக்கொள்ளும். நஞ்சு மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கும். ஈர மாவு கெட்டுப்போகும் என்பதால் அன்றைக்கே களி கிண்டிவிட வேண்டும்.