பழைய போனில் அக்கவுண்ட் திறந்திருந்தால் சைன் அவுட் செய்யாதீர்கள்: ஒரு ஜிமெயில் மீண்ட அனுபவம்

மச்சானின் போன் பஸ்ஸில் தொலைந்தது. புதுப் போன் வாங்கி ஜிமெயில் போட்டால் பாஸ்வேர்ட் நினைவில்லை. மீட்பு எண்ணாக இருந்ததோ அவர் ரீசார்ஜ் செய்யாமல் எப்போதோ விட்டுவிட்ட நம்பர். இந்தியாவில் அப்படித் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆக, ஓடிபி போகும் இடமே இப்போது யாருடையதோ.

புதுப் போனிலிருந்து முயன்றபோதெல்லாம் "நீங்கள்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்ற பதில்தான் வந்தது. புது சாதனம், புது சிம் என்று இருந்தால் கூகுளுக்கு நம்புவதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அதற்காக மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தால், முயற்சிகள் அதிகமாகிவிட்டன என்று சிறிது காலம் கதவையே சாத்திவிடும்.

அப்போதுதான் அக்கா, பையன் யூடியூப் பார்க்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்துக் கொடுத்தாள். சிம் கிடையாது, திரையில் கீறல். ஆனால் அதில் மச்சானின் அக்கவுண்ட் இன்னும் திறந்தே இருந்தது. பாஸ்வேர்ட் மறந்தது மச்சான்தான். போன், முன்பு சைன் இன் செய்தபோது கிடைத்த அனுமதிச் சாவியான டோக்கனை வைத்துக்கொண்டு கூகுளோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபையிலேயே இணைத்து, தேதியையும் நேரத்தையும் பார்த்தோம். பேட்டரி தீர்ந்து நாள்கணக்கில் கிடந்த போனில் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். அப்போது பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஏற்படாது, ஜிமெயில் திறக்காது. பலர் அதை அக்கவுண்ட் கோளாறு என்று நினைத்து, "எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்போம்" என்று இறங்குவார்கள். அதோடு முடிந்தது.

பிறகு Settings, Google, Manage your Google Account, Security, Password என்று போனோம். பழைய பாஸ்வேர்ட் கேட்டது. "Forgot password?" தட்டியதும் அந்தப் போனின் திரைப்பூட்டைக் கேட்டது, பின் நம்பர் போட்டதும் புது பாஸ்வேர்ட் வைக்க விட்டது. (ஆண்ட்ராய்டு பதிப்பைப் பொறுத்து மெனுவின் பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறும்.) புதுப் போனில் அந்த பாஸ்வேர்டைப் போட்டபோது, "Yes, it's me" என்ற கேள்வி பழைய போனில் எழுந்தது. அது வராவிட்டால் அதே Security பக்கத்தில் Security code என்று 10 இலக்க எண் கிடைக்கும். அதற்குப் பழைய போனில் நெட் கூடத் தேவையில்லை.

சைன் அவுட் செய்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. டோக்கன் அழிந்ததும் அந்தப் போன் கேள்வியை வாங்காது, Security code-உம் தராது. கடையில் வாங்கிய இன்னொரு போன் போலத்தான். ஃபேக்டரி ரீசெட்டும் அதே கதி. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாலும் அப்படித்தான்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. போன் தொலைந்த பதற்றத்தில் Your devices பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுவார்கள். மச்சானின் இரண்டு போனும் ஒரே கம்பெனி, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொலைந்ததை மட்டும் நீக்கினோம்.

உள்ளே வந்ததும் மீட்பு எண்ணை மாற்றினோம். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே கோட் அனுப்ப கூகுள் முன்வரலாம் என்பதால் அந்த வாரம் பழைய போனை யாரும் தொடவில்லை. 8 இலக்க பேக்கப் கோடுகள் பத்தையும் எடுத்துத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தாயிற்று.

இந்த வழி எல்லாவற்றுக்கும் உதவாது. விதிமீறல் என்று கூகுளே முடக்கிய அக்கவுண்டுக்கு மேல்முறையீடுதான் வழி, பழைய போனால் பயனில்லை. அந்தப் போனின் பின் நம்பர் தெரியாவிட்டாலும் இதே முட்டுச்சந்துதான்.

ரொம்பப் பழைய சாதனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு 2.3.7-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் சைன் இன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் வெளியேறினால் சரியான பாஸ்வேர்ட் இருந்தும் திரும்ப நுழைய முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் ஒருவரின் மெயில் முழுதும் திறந்து கிடக்கிறது; பின் நம்பர் தெரிந்த எவரும் நாங்கள் செய்ததையே செய்யலாம். அதனால் பையனுக்குத் தெரிந்திருந்த பின்னை மாற்றி, பேங்க் ஆப்களை நீக்கிவிட்டோம். அவன் யூடியூபை டிவியில் பார்க்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள், அதில் அவனுக்குத்தான் கோபம்.