கையெழுத்தோடு விடுதலையா, பணம் ஏறிய பின் விடுதலையா?

இரண்டு சின்ன வியாபாரங்கள் சண்டையில்லாமல் பிரிவதற்கு எழுதும் கடிதம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒப்பந்தம் முடிகிறது, பாக்கி இவ்வளவு, இனிமேல் ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஓகே’யும் போதுமா என்பதை இங்கே அலசப்போவதில்லை. போதாது. கடிதம் எழுதுவது என்று முடிவான பிறகு, ‘கோரிக்கை இல்லை’ என்ற வரி, அதாவது விடுதலை, எந்த நாளிலிருந்து செல்லும் என்பதில் இரண்டு வழிகள் உண்டு. எனக்கு வேண்டியது அந்த இரண்டின் ஒப்பீடுதான்.

எங்களுடையது சுங்கை சிப்புட் பக்கம் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். பக்கத்துத் தோட்டத்தில் சமையல் குத்தகை எடுக்கும் அக்கா ஒருவரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தது. அவர் பிடிக்கும் கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் கூடாரம் எங்களுடையது. பிரியும் நேரத்தில் வாடகை பாக்கியாக அவர் தரவேண்டியது 9,600 வெள்ளி. எங்கள் வீட்டு விசேஷத்துச் சாப்பாட்டுக்கு நாங்கள் தரவேண்டியது 2,100. அவர் கட்டிய முன்பணம் 1,500 எங்களிடம் இருந்தது. கழித்தால் அவர் பக்கம் 6,000. பேசிப் பேசி 4,800-க்கு இறங்கி, மாதம் 1,600 வீதம் மூன்று தவணை என்று முடிவானது.

முதல் வழியில், கையெழுத்துப் போட்ட அன்றே இருவரும் விடுதலை. தவணை தனியாக ஓடும். மாதிரிக் கடிதங்களில் அதிகம் கிடைப்பது இதுதான். படிக்கச் சுலபம், எதிராளிக்கும் மனத்தாங்கல் வராது. மேசையிலேயே முழுப்பணமும் கைமாறுகிறது என்றால், அல்லது யாரும் யாருக்கும் தரவேண்டியதில்லை என்றால், இதுவே போதும். வேறு எதற்கும் மெனக்கெட வேண்டாம்.

தவணை என்று வந்துவிட்டால் கதை வேறு. மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 63-ஆம் பிரிவுப்படி, பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது எழுதிக்கொண்டால் பழையதை நிறைவேற்ற வேண்டிய கடமை இல்லை. 64-ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது. தள்ளிக்கொடுத்ததற்கு ஈடாக எதுவும் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நம் கடிதத்தைப் பாருங்கள். முதல் தவணை 1,600 வந்தது, இரண்டாவது வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்தன்றே விடுதலை கொடுத்திருந்தால் நாம் கேட்க முடிந்தது 4,800-இல் மீதி 3,200 மட்டும். சொன்ன நாளில் கட்டுவார் என்று நம்பித்தான் 1,200 தள்ளினோம். அவர் கட்டாமல் போனாலும் அந்த 1,200 போனது போனதுதான். கட்டாதவருக்கும் தள்ளுபடி நிலைத்துவிடுகிறது.

இரண்டாவது வழியில் ஒப்பந்தம் முடியும் நாளும் விடுதலை பிறக்கும் நாளும் வேறு வேறு. ஒப்பந்தம் கையெழுத்தன்றே முடியும். புதிய புக்கிங் கிடையாது. விடுதலை மட்டும் கடைசித் தவணை கணக்கில் ஏறும்போதுதான். நாங்கள் எழுதிய வரியின் சாரம் இதுதான்: ‘இன்றைய தேதியில் பாக்கி 6,000 வெள்ளி என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம். கீழ்க்கண்ட தேதிகளில் மொத்தம் 4,800 வெள்ளி செலுத்தப்பட்டால் அது முழுத் தீர்வாகும். கடைசித் தொகை கணக்கில் சேர்ந்த கணமே, வேறு கடிதம் எதுவும் தேவையின்றி, இரு தரப்பும் ஒருவரையொருவர் விடுவிக்கிறோம். எந்தத் தவணையாவது 7 நாளுக்கு மேல் தாமதமானால் தள்ளுபடி ரத்தாகும். 6,000-இல் செலுத்தியது போக மீதி உடனே செலுத்தப்பட வேண்டும்.’ இப்படி இருந்தால், ஒரு தவணையோடு நின்றாலும் கேட்க உரிமை உள்ளது 4,400.

அக்கா சும்மா கையெழுத்துப் போடவில்லை. “பணத்தையெல்லாம் கட்டி முடிச்ச பிறகு, விடுதலை கடிதம் தரமாட்டேன்னு நீ இழுத்தடிச்சா நான் எங்க போறது தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘வேறு கடிதம் எதுவும் தேவையின்றி’ என்ற சொற்கள் அவருக்காகவே வந்தவை. கட்டுபவருக்கு இந்த உத்தரவாதம் இல்லையென்றால் இரண்டாவது வழி ஒருதலைப்பட்சம்தான், அதில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நானே சொல்வேன்.

ரத்து வரியை எழுதும்போது ‘அபராதம்’ என்று எழுதிவிடக் கூடாது. அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். ‘தாமதித்தால் 1,200 அபராதம்’ என்றால் அங்கே வாதத்துக்கு இடம் உண்டு. ‘பாக்கி 6,000 என்று ஒப்புக்கொள்கிறோம், நேரத்துக்குக் கட்டினால் 1,200 தள்ளுபடி’ என்றால் கேட்பது இருக்கிற கடனைத்தான். அதனால்தான் 9,600, 2,100, 1,500 என்று மூன்று தொகைகளையும் கழித்த விதத்தையும் கடிதத்திலேயே காட்டினோம். வெறும் 4,800 மட்டும் இருந்தால் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்று. எங்கள் விஷயத்தில் 6,000 பற்றித் தகராறு இல்லை. குறைத்துக் கேட்டார், அவ்வளவுதான். ‘கூடாரம் ஒழுகியது, அவ்வளவு தரமாட்டேன்’ என்று கடனையே மறுப்பவரிடம் இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதை நான் அனுபவத்தில் பார்த்ததில்லை. அங்கே வழக்கறிஞரிடம் போவது நல்லது.

கடன் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. காலவரம்புச் சட்டம் 1953-இன்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு. எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கணக்கு மறுபடி தொடங்கும். பழைய பில்கள் இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

‘கணக்கில் சேர்ந்த’ என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செக் கைக்கு வந்த நாள் அல்ல, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் வந்த நாளும் அல்ல. செக் திரும்பி வரும். படத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

விடுதலை எதை விடுகிறது என்பதும் இரண்டு வழிக்கும் பொது. ‘எல்லாக் கோரிக்கைகளும்’ என்று அகலமாக எழுதினால், ஏற்கெனவே பிடித்துவிட்ட கல்யாணமும் அதற்குள் போய்விடும். எங்களுக்கு அப்படி ஒன்று பாக்கி இருந்தது. தேதி, மண்டபம், வாடகை எழுதி, ‘இது நீங்கலாக’ என்று சேர்த்தோம். விருந்தாளி யாராவது அடிபட்டு வழக்குப் போட்டால் பங்கு கேட்கும் உரிமையையும் அப்படியே வெளியே வைத்தோம்.

கையெழுத்துப் போடுபவர் யார் என்று பார்க்காமல் எந்த வழியும் உதவாது. நம் ஊரில் சமையல் வேலை அக்காவுடையது, எஸ்எஸ்எம் பதிவு மாமா பெயரில் என்பது சர்வ சாதாரணம். தனிநபர் வியாபாரத்துக்குத் தனி சட்ட உருவம் கிடையாது. பதிவில் இருக்கும் ஆள்தான் கடனாளி. பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்து, அந்தப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு மாமாவிடமும் கையெழுத்து வாங்கினோம். சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனி என்றால் முறை வேறு. அதில் எனக்குப் பழக்கமில்லை.

முத்திரை வரி 10 வெள்ளி. கையெழுத்தான 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்டிவிட வேண்டும். முத்திரையில்லாத கடிதத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது; பிறகு கட்டப் போனால் அபராதமும் சேரும். இரண்டு அசல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். அக்காவின் கடைசித் தவணை நான்கு நாள் தாமதமாகத்தான் ஏறியது. 7 நாளுக்குள் என்பதால் தள்ளுபடி ரத்தாகவில்லை.