வரியைக் கட்டினேன், தப்பான வருஷத்தில்: 39,980 ரூபாய் தொங்கிய கதை

சம்பளத்தில் வரி பிடித்தது போக, வைப்புநிதி வட்டிக்கும் மாலை நேர வகுப்புகளில் வந்த வருமானத்துக்கும் சேர்த்து நான் 36,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்தது. முன்வரி எதுவும் கட்டாததால் வட்டி 3,978. ஆக, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 39,980 ரூபாய். எனக்காக ரிட்டர்ன் போடும் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த பையன் 2025 செப்டம்பர் 9 அன்று என் நெட்பேங்கிங் வழியாகவே கட்டினான். ஓடிபி சொன்னேன், பணம் போனதாக வங்கிக் குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். மூன்று நாளில் ரிட்டர்னும் போட்டுவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

நவம்பரில், ரிட்டர்னைப் பரிசீலித்து வருமான வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. நான் ஒரு ரூபாய்கூடக் கட்டாத மாதிரி 40,700 ரூபாய் பாக்கி என்றது. முதலில் ஏதோ மோசடி மின்னஞ்சல் என்றுதான் நினைத்தேன். வருமான வரித் தளத்தில் நுழைந்து பார்த்தால் அங்கேயும் அதே தொகை.

அந்த 40,700 எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 36,000-க்கு மாதம் ஒரு சதவீதம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்துக்கு 2,160 என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். அவர்கள் நவம்பர் வரை எட்டு மாதம் போட்டு 2,880 ஆக்கியிருந்தார்கள். தவணை தவறிய வட்டி 1,818 இரண்டிலும் ஒன்றுதான். அதாவது என் வருமானத்திலோ வரியிலோ அவர்களுக்குச் சண்டையே இல்லை. செப்டம்பரில் கட்டிய பணம் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

கட்டிய வரியெல்லாம் பதிவாகும் AIS என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கினேன். 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் பணம் இல்லை. சந்தேகத்தில் 2024-25-ஐத் திறந்தேன். 39,980, செப்டம்பர் 9, அங்கே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நான் சம்பாதித்தது 2024-25 நிதியாண்டில். அதற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. பையன் நிதியாண்டை மனதில் வைத்துக்கொண்டு, மதிப்பீட்டு ஆண்டு கேட்ட இடத்தில் 2024-25-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறான். ரிட்டர்னில் சலான் எண்ணையும் தேதியையும் போட்டால் அது ஏற்றுக்கொள்ளும், பணம் எந்த ஆண்டில் கிடக்கிறது என்று அப்போது சொல்லாது. பொருத்திப் பார்ப்பது பிறகு பரிசீலனையில்தான். (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 'வரி ஆண்டு' ஒன்றுதான். ஆனால் பழைய ஆண்டுகளுக்குக் கட்டும்போது இந்தக் குழப்பம் இன்னும் உண்டு.)

தவறு யாருக்கும் வரும், அதை நான் மன்னித்துவிடுவேன். அடுத்து அந்த அலுவலகம் சொன்னதுதான் மன்னிக்க முடியாதது. "சார், நோட்டீஸ்ல சொன்னத இப்ப கட்டிடுங்க. பழைய வருஷத்துல கிடக்கிறது ரீஃபண்டா வந்துரும், அதுக்கு நாங்க பார்த்துக்கிறோம், மூவாயிரம் ஆகும்." கேட்கச் சுலபமாக இருந்தது. நல்லவேளை, அன்று கையில் பணம் இல்லை.

ஏனென்றால் அது தானாக வராது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான ரிட்டர்னைத் திருத்தும் கெடு 2025 ஜனவரி 15 அன்றே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு போடக்கூடிய புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது. நான் மறுபடியும் கட்டியிருந்தால், 39,980 ரூபாய் கேட்பாரற்றுக் கிடந்திருக்கும். எப்படியும் அதிகாரி முன்னால் போய்த்தான் நின்றிருக்க வேண்டும். சலானைச் சரியான ஆண்டுக்கு மாற்றுவதுதான் ஒரே நேரான வழி.

இதற்குத் தளத்திலேயே வசதி உண்டு. `Services` பட்டியலில் `Challan Correction`. முன்வரி (100), ரிட்டர்னுக்கு முன் நாமே கணக்குப் போட்டுக் கட்டும் சுயமதிப்பீட்டு வரி (300), டிமாண்டுக்கு, அதாவது நோட்டீஸில் கேட்ட பாக்கிக்குக் கட்டும் வரி (400) ஆகிய மூன்று வகைச் சலான்களையும் அங்கே திருத்தலாம். ஆனால் மதிப்பீட்டு ஆண்டை மாற்ற, பணம் கட்டிய நாளிலிருந்து ஏழே நாள்தான். வரி வகையை மாற்ற முப்பது நாள். ஒரு சலானுக்கு ஒரே ஒரு முறை. எனக்கு ஏழு நாளும் எப்போதோ போய்விட்டது. செப்டம்பர் 9 அன்றே சலான் ரசீதைக் கேட்டு வாங்கி, அதில் `Assessment Year` என்ற வரியைப் படித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வங்கிக் குறுஞ்செய்தியில் ஆண்டு வராது.

ஆண்டு சரியாக இருந்து, 300-க்குப் பதில் 100 என்று கட்டியிருந்தால் பெரும்பாலும் பெரிய பாதிப்பு இருக்காது, ரிட்டர்னில் பணம் கணக்கில் வந்துவிடும். டிமாண்டுக்குக் கட்ட வேண்டியதை 400-ல் கட்டாமல் 300-ல் கட்டினால்தான் சிக்கல். பணம் போயிருக்கும், டிமாண்ட் அப்படியே நிற்கும்.

கெடு போனால் உங்கள் பகுதி வருமான வரி அதிகாரியிடம்தான் போக வேண்டும். யார் என்பதை, தளத்தில் பான் எண் கொடுத்தால் காட்டும். நான் முதலில் செய்தது வேறு. `Response to Outstanding Demand` பக்கத்தில் டிமாண்டை ஏற்கவில்லை என்று தேர்ந்தெடுத்து, சலான் விவரத்தைப் போட்டேன். சும்மா விட்டிருந்தால் முப்பது நாளுக்குப் பிறகு அதன் மேல் தனி வட்டி ஏறும், அடுத்து வரும் ரீஃபண்டில் பிடித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

அப்புறம் அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம். சலானில் வங்கிக் கிளைக்கான ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, சலான் எண், தொகை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு மாற்ற வேண்டும். பழைய ஆண்டில் இந்தப் பணத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ரீஃபண்டும் கேட்கவில்லை என்று ஓர் உறுதிமொழி. இது முக்கியம், அந்த ஆண்டில் ஏற்கெனவே கழித்திருந்தால் மாற்ற முடியாது. சலான் ரசீது, இரண்டு ஆண்டின் AIS, 143(1) அறிவிப்பு ஆகியவற்றின் நகல்கள். அலுவலகத்தில் முத்திரை போட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆறு வாரத்தில் இரண்டு முறை போய் வந்தேன். இரண்டாவது முறை அந்த முத்திரைப் பிரதியைக் காட்டிய பிறகுதான் கோப்பையே தேடினார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் AIS-ஐத் திறந்தால் பணம் 2025-26-க்கு மாறியிருந்தது, செப்டம்பர் 9 என்ற அதே தேதியோடு. அந்தத் தேதி மாறாததுதான் நமக்கு லாபம். ஆனால் டிமாண்ட் தானாக அழியவில்லை. `Rectification` போய் `Reprocess the return` கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் வந்த உத்தரவில் கூடுதல் 720 ரூபாய் வட்டியும் போய், கட்ட வேண்டியது பூஜ்யம் என்று இருந்தது.

ஆடிட்டர் அலுவலகத்தில் அதை அப்படியே காட்டி 1,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "அதான் சரியாயிடுச்சே சார்" என்றார்கள்.