பிள்ளை கேமில் கட்டிய பணம்: கூகளிடம் கேட்பதா, கேம் கம்பெனியிடமா, பேங்கிடமா?

பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள்) கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் கண் கலங்கி வந்தார். "தம்பி, பையன் கேம்ல வைரம் வாங்கிட்டான். ஈ-வாலட்டுல காசே இல்ல. பேங்குக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லட்டுமா?"

"இருங்கக்கா, முதல்ல ரசீதைப் பார்ப்போம்" என்றேன். கேமுக்குள் செலவழிக்கும் இந்த வைரத்துக்கு மொத்தம் 374 வெள்ளி 30 சென். புதன்கிழமை 49.90 வெள்ளியில் இரண்டு, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அதே விலையில் நான்கு, ஞாயிறு மதியம் 24.90 ஒன்று. இவை ஏழும் Google Play வழியாகப் போனவை. மீதி 50 வெள்ளிக்கு, கேமுக்கு வெளியே ஒரு டாப்-அப் இணையதளத்தில் பையன் தன் கேம் எண்ணைத் தட்டி வாங்கியிருந்தான்.

பணம் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் திரும்பக் கேட்க முடியும். அதனால் இதைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது.

முதல் வழி கூகள். வாங்கி 48 மணி நேரம் தாண்டாவிட்டால் கூகளிடமே கேட்கலாம். சனி, ஞாயிறு வாங்கியவை ஐந்தும் அதற்குள் வந்தன. play.google.com தளத்தில் வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் Report a problem என்பதைத் தட்டி, குடும்பத்தார் அனுமதியின்றி வாங்கியது என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தோம். முன்பின் தெரியாத ஆள் கார்டைத் திருடி வாங்கியிருந்தால் புகார் செய்ய 120 நாள் தருகிறார்கள். நாள் கூடுதலாக இருக்கிறதே என்று அதில் போய் எழுதாதீர்கள். வாங்கியது சொந்தப் பிள்ளை, அதைத் திருட்டு என்று சொல்வது பொய்.

கூகளின் விதியில் இன்னொரு வரியும் உண்டு. கணக்கையோ கட்டண விவரத்தையோ நாமே அடுத்தவரிடம் கொடுத்திருந்தாலோ, கணக்கைப் பூட்டாமல் விட்டிருந்தாலோ, வழக்கமாகப் பணம் தரமாட்டார்கள். அக்காவின் கைப்பேசியில், வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும் Purchase verification அணைந்து கிடந்தது. எனக்குப் பயம் அங்கேதான். அதை அன்றிரவே போட்டுவிட்டோம், பையனுக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு.

(ஐபோன் என்றால் reportaproblem.apple.com. பிள்ளை அனுமதியின்றி வாங்கியதை அங்கேயும் காரணமாகச் சொல்லலாம்.)

இரண்டாவது வழி கேம் கம்பெனி. புதன்கிழமை வாங்கியவற்றுக்கு 48 மணி நேரம் கடந்துவிட்டதால் அங்கேதான் போக வேண்டும். பொதுவாக இந்தக் கேம்களின் பயன்பாட்டு விதிமுறையில் மூன்று விஷயம் இருக்கும்: வைரம் உங்கள் சொத்து அல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே; வாங்கியது வாங்கியதுதான், பணம் திரும்பாது; வயது குறைந்தவர் பெற்றோர் சம்மதத்தோடுதான் விளையாட வேண்டும். இரண்டாவதைப் படித்துவிட்டுப் பலர் கைவிடுகிறார்கள். கைவிட வேண்டாம். கம்பெனி மனம் வைத்தால் 48 மணி நேரத்துக்குப் பிறகும் பணத்தைத் திருப்ப வழி இருக்கிறது. GPA என்று தொடங்கும் ரசீது எண், தேதி, பிள்ளையின் வயது, கேம் எண் இவற்றை எழுதினால் போதும். வைரம் செலவாகாமல் இருந்தால் கேட்பதற்குப் பலம் கூடும். அதனால் பையன் அன்றிரவு கேமைத் திறக்கவில்லை.

அக்கா முதலில் நினைத்த பேங்க் வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். கார்டில் கட்டியிருந்தால் தகராறு எழுப்பலாம். ஆனால் 'நான் அனுமதிக்காத பரிவர்த்தனை' என்று சொன்னதும் பேங்க் விசாரிக்கும், வாங்கியது வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் கைவிட்டுவிடலாம். அதற்குள் கேம் கணக்கு தடை செய்யப்படலாம், கூகள் கட்டணக் கணக்கும் முடங்கலாம். அக்கா கட்டியதோ கார்டில் இல்லை, ஈ-வாலட்டில். அதனால் இந்த வழியைத் தொடவில்லை.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் ஒன்றும் நாட்டில் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உள்ளூர்க் கடைமேல் புகார் என்றால் நானே போகச் சொல்வேன். வெளிநாட்டுக் கேம் கம்பெனியிடம் 100 வெள்ளியை வசூலிக்க அது சுற்றுவழி.

மறுநாளே கூகள் ஐந்துக்கும் சம்மதித்தது. 224 வெள்ளி 50 சென் சில நாளில் வாலட்டுக்கு வந்தது. கேம் கம்பெனி ஒரு 49.90-ஐத் தந்தது, செலவழித்த இன்னொன்றை மறுத்தது. வெளித்தளத்து 50 வெள்ளி போனது போனதுதான். வைரம் உடனே கேம் எண்ணில் ஏறிவிட்டதால் அந்தத் தளம் கையை விரித்துவிட்டது.

அப்புறம், பணம் திரும்பினால் வைரமும் திரும்பப் போகும். சனிக்கிழமை வைரத்தில் பாதியைப் பையன் ஏற்கெனவே செலவழித்திருந்ததால் கேமில் வைரக் கணக்கு கழித்தல் குறியில் நின்றது. அதை அடைத்தால்தான் இனி எதையும் வாங்க முடியும். ஒரு 24.90 மட்டும் கட்டித் தரச் சொல்லி அழுதான். அக்கா கட்டவில்லை.